கச்சேரி போஸ்டரில் ‘எளிய’ வேண்டாம்

“‘அனைவருக்கும் எளிய கர்நாடக இசை’ன்னு போட்டோம். புதுசா யாரும் வரல, பழைய ரசிகர்களும் குறைஞ்சுட்டாங்க. என்ன மாத்தணும்?”

‘எளிய’வை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்:

‘ராகம் தானம் பல்லவி: கல்யாணி, கண்ட திரிபுடை. ராகத்தைச் சொற்களின்றி விரித்து, பிறகு ஒரே வரியைப் பல கணக்குகளில் பாடுவார். மாலை 6.15 முதல் 8.45 வரை. உருப்படிகளுக்கு இடையே எழுந்து செல்லலாம்.’

‘எளிய’ என்றதும் ரசிகர்கள் வெறும் துக்கடாக்கள் என்று நினைத்திருப்பார்கள். பாடகர் பெயரோடு அவர்கள் தேடுவது பக்கவாத்தியக்காரர் பெயர். அதைப் பொடி எழுத்தில் போடாதீர்கள்.

அச்சுக்கு முன் கச்சேரியே கேட்காத ஒருவரிடம் காட்டுங்கள். “எப்ப முடியும்?” என்று கேட்டால் நேரம் கண்ணில் படவில்லை.

ராகம், தாளத்தை மட்டும் பாடகரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். மேடையில்தான் முடிவு செய்வேன் என்றால் ‘ராகம் தானம் பல்லவி உண்டு’ என்பதோடு நிறுத்துங்கள்.