மகளின் சுயவிவரத்தில் எந்த எண்ணை எழுதலாம்?

அம்மா, வணக்கம்.

ஆறு மாதப் பயிற்சிப் பணியை முடித்த தங்கள் மகள் இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார் என்றும், நிறுவனத்தின் எண்களை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் தவிக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். உடன் படித்தவர்கள் வரிக்கு வரி எண் போட்டுச் சுயவிவரம் தயாரிக்கும்போது, தங்கள் மகள் மட்டும் பின்தங்கிவிடுவாரோ என்ற கவலையும் கடிதத்தில் தெரிந்தது. அவர் எழுதி அனுப்பிய நான்கு வரிகளைப் பலமுறை படித்துப் பார்த்தேன். அவற்றில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. மறைக்க வேண்டியதை அவர் தம்மை அறியாமலேயே வெளியிட்டிருக்கிறார். மறைக்கத் தேவையில்லாத இடத்தில் உள்ளதை விடப் பெரிதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் வேலை பார்த்தது பார்சல் விநியோக நிறுவனம் ஒன்றில். வாடிக்கையாளர்கள் அரைகுறையாகவோ தவறாகவோ கொடுக்கும் முகவரியைப் பார்சல் கிளம்பும் முன்பே கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லும் மென்பொருளில் அவருக்குப் பங்கு இருந்தது. அவருடைய உண்மையான எண்களை நானும் இங்கே எழுதக் கூடாது என்பதால், கணக்கு விளங்குவதற்காக வேறு எண்களை வைத்து அந்த நான்கு வரிகளையும் தருகிறேன்.

"கோடிக்கணக்கான பார்சல்களைக் கையாளும் அமைப்பை உருவாக்கினேன். முகவரிப் பிழையால் திரும்பி வரும் பார்சல்களை 25% குறைத்தேன். இதனால் மாதம் 600 பார்சல்கள் திரும்பி வருவது தவிர்க்கப்பட்டது. முன்பு 6% பார்சல்கள் இவ்வாறு திரும்பி வந்துகொண்டிருந்தன."

மாதத்திற்கு மொத்தம் எத்தனை பார்சல்கள் போகின்றன என்பதுதான் நிறுவனம் வெளியே சொல்ல விரும்பாத எண். அதைத் தாம் எங்கும் எழுதவில்லை என்று தங்கள் மகள் நினைத்திருக்கிறார். ஆனால் போட்டி நிறுவனத்தில் இருப்பவர் இந்த வரிகளைப் படித்தால் ஒரு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். 600 என்பது 25% என்றால் முன்பு திரும்பி வந்தவை 2,400. அந்த 2,400 மொத்தத்தில் 6% என்றால், மொத்தம் 40,000. இரண்டு முறை வகுத்தால் போதும். தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வோர் எண்ணும் தீங்கற்றதாகத்தான் தெரிகிறது. மூன்றும் சேரும்போதுதான் மறைத்த எண் வெளியே வருகிறது.

இந்த எண்கள் ஒரே தாளில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சதவீதத்தைச் சுயவிவரத்திலும், எண்ணிக்கையை இணையப் பக்கத்திலும், பழைய விகிதத்தை நேர்காணலிலும் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். நிறுவனமே வெளியிட்ட எண்ணோடு சேர்ந்தும் இப்படி ஆகலாம். மொத்த வருமானம் ஆண்டறிக்கையில் இருக்கும்போது, "நான் பணிபுரிந்த பிரிவு வருமானத்தில் 12% ஈட்டியது" என்று எழுதினால், அந்தப் பிரிவின் வருமானத்தை ரூபாய்க் கணக்கில் எழுதியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சதவீதமாகச் சொன்னால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எதன் சதவீதம் என்பது வெளியே தெரியாத வரைக்கும்தான் அந்த நம்பிக்கை சரி.

ஆகவே, மாற்றத்தின் அளவு, எண்ணிக்கை, பழைய விகிதம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். நான் வைத்துக்கொள்வது மாற்றத்தின் அளவை. அதையும் 25% என்று துல்லியமாகச் சொல்லாமல், "ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு" என்று எழுதினால் போதும். எண்ணிக்கை நிறுவனத்தின் வியாபார அளவைக் காட்டிவிடும். 6% என்ற பழைய விகிதமோ அந்த நிறுவனம் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தது என்பதையே காட்டிவிடும். எவ்வளவு மாறியது என்பது மட்டும்தான் தங்கள் மகள் செய்த வேலையைப் பற்றிப் பேசுகிறது.

ஆனால் அடிப்படை எண் இல்லாமல் நிற்கும் சதவீதம் ஏமாற்றவும் கூடும். 2,400 திரும்பி வந்த இடத்தில் 1,800 வந்தாலும் 25% குறைவுதான். நான்கு திரும்பி வந்த இடத்தில் மூன்று வந்தாலும் 25% குறைவுதான். படிப்பவருக்கு இது தெரியும் என்பதால், அனுபவமுள்ள தேர்வாளர் அளவு எதுவும் சொல்லப்படாத சதவீதத்தைப் பெரும்பாலும் நம்புவதில்லை. அதற்காகத்தான் துல்லியமாக இல்லாத ஓர் அளவுச் சொல் உடன் இருக்க வேண்டும். "மாதந்தோறும் பல்லாயிரம் பார்சல்கள் செல்லும் ஒரு மண்டலத்தில்" என்றால், எண்ணிக்கை நான்கா நாற்பதாயிரமா என்ற ஐயம் தீர்கிறது. 40,000 என்பதும் வெளிப்படவில்லை.

இந்த அளவுச் சொற்களை நான் மிகக் கண்டிப்பாகப் பார்ப்பேன். எண் தந்தால் யாராவது சரிபார்க்க முடியும். சொல்லை யாரும் சரிபார்க்க முடியாது என்பதால், அதன் நேர்மை முழுவதும் எழுதுபவரின் பொறுப்பு. உண்மை எண் 1,10,000 என்றால் "லட்சக்கணக்கான" என்று எழுதக் கூடாது, ஏனெனில் அந்தச் சொல்லைப் படிப்பவர் மனத்தில் பல லட்சங்கள்தாம் தோன்றும். "ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்" என்பதே உண்மை. அதைச் சொல்வதும் ரகசியத்தை உடைக்கும் என்றால், ஒரு படி இறங்கிப் "பல்லாயிரம்" என்று எழுதலாம். இறங்கிச் சொன்னால் யாரும் ஏமாறுவதில்லை. இன்னது முதல் இன்னது வரை என்று வீச்சாகச் சொல்பவர்களும் இதே இடத்தில் தவறுகிறார்கள். "10,000 முதல் 1,00,000 வரை" என்று படிப்பவர் மனம் தானாகவே நடுப்பகுதிக்குப் போய் நிற்கும். உண்மை 11,000 என்றால் அந்த வீச்சு எழுத்தளவில் சரி, பொருளளவில் பொய். மாறாக, உண்மை 40,000 ஆக இருக்க, "38,000 முதல் 42,000 வரை" என்று எழுதினால் வீச்சாகச் சொன்னதில் பயனே இல்லை. எண்ணைச் சொன்னதாகவே ஆகிவிடும்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். கோடிக்கணக்கான பார்சல்கள் என்பது அந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து எல்லா மண்டலங்களிலும் அனுப்பியவற்றின் கூட்டு என்றும், நிறுவனமே தன் தளத்தில் அதை வெளியிட்டிருக்கிறது என்றும் தங்கள் மகள் எனக்கு விளக்கினார். வெளியிடப்பட்ட எண் என்பதால் அதை எழுதுவதில் ரகசியச் சிக்கல் இல்லை. ஆனால் அவருடைய மென்பொருள் பயன்பட்டது ஒரே ஒரு மண்டலத்தில், பயிற்சியின் கடைசி இரண்டு மாதங்களில் மட்டும். நிறுவனத்தின் அளவைத் தம் வேலையின் அளவாக அந்த வரி காட்டுகிறது. வேண்டுமென்றே செய்தது அல்ல. உண்மையான எண்ணை எழுத முடியாதபோது, எழுத அனுமதியுள்ள பெரிய எண்ணின் பக்கம் கை போவது இயல்பு. ஆயினும் நேர்காணலில் "உங்கள் மென்பொருள் வழியாகக் கோடி பார்சல்கள் சென்றனவா?" என்று கேட்டால் அவரால் ஆம் என்று சொல்ல முடியாது.

"குறைத்தேன்" என்ற வினைச்சொல்லையும் பார்க்க வேண்டும். அவர் நால்வர் குழுவில் ஒருவர். அவர் எழுதியது சரிபார்ப்பு விதிகளை. மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த அதே மாதத்தில், பார்சலைக் கொண்டு செல்பவர்கள் முன்கூட்டியே வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைக்கும் பழக்கமும் தொடங்கியிருக்கிறது. கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார். குறைந்ததில் எவ்வளவு மென்பொருளால், எவ்வளவு தொலைபேசி அழைப்பால் என்று யாரும் பிரித்து அளக்கவில்லை. அப்படியிருக்க, முழுவதையும் தம் பெயரில் எழுத முடியாது.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

"பார்சல் விநியோக நிறுவனம் ஒன்றில், நால்வர் குழுவில் ஒருவராக, தவறான முகவரிகளை அனுப்பும் முன்பே கண்டறியும் மென்பொருளுக்கான சரிபார்ப்பு விதிகளை எழுதினேன். மாதந்தோறும் பல்லாயிரம் பார்சல்கள் செல்லும் ஒரு மண்டலத்தில் இது பயன்பாட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதங்களில், முகவரிப் பிழையால் திரும்பிய பார்சல்களின் விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. முன்கூட்டித் தொலைபேசியில் அழைக்கும் முறையும் அப்போதே தொடங்கப்பட்டிருந்தது."

கடைசிப் பகுதி அவருடைய பெருமையைக் குறைக்கிறது என்று தங்களுக்குத் தோன்றலாம். தேர்வாளராக இருந்து படித்துப் பார்த்தால், விளைவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று தாமாகவே சொல்லும் பயிற்சியாளருக்கு அளவீடு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த மூன்று வாக்கியங்களையும் எங்கும் பதிவேற்றும் முன், பயிற்சியில் தமக்கு மேலாளராக இருந்தவருக்கு மின்னஞ்சலில் அப்படியே அனுப்பி, "இவற்றை என் சுயவிவரத்தில் பயன்படுத்தலாமா?" என்று மகள் கேட்கட்டும். பொதுவாக "எதை எழுதலாம்?" என்று கேட்டால் பாதுகாப்பான பதிலாக "எதுவும் வேண்டாம்" என்றே வரும், எழுதிய வாக்கியத்தைக் காட்டிக் கேட்டால், "மண்டலம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்" என்பது போலத் திட்டமான பதில் கிடைக்கும். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுவே இறுதி. நான்கில் ஒரு பங்கு என்பதையும் சொல்லக் கூடாது என்று தடுத்தால், அதற்குப் பதிலாகக் "குறிப்பிடத்தக்க அளவு" என்று எழுத வேண்டாம். அதில் ஒரு செய்தியும் இல்லை. எதை, எத்தனை மாதங்கள், எந்த மாதங்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்ற முறையை எழுதலாம். அதையும் மேலாளருக்குக் காட்டிய பின் எழுதட்டும்.

ஆதாரமாக இருக்கட்டும் என்று நிறுவனத்தின் அறிக்கைகளையோ திரைப்பிடிப்புகளையோ தம் சொந்தக் கைபேசியிலோ மின்னஞ்சலிலோ அவர் சேமித்து வைத்திருந்தால், மேலாளரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி அவற்றை நீக்கிவிட வேண்டும். சுயவிவரத்தில் எத்தனை கவனமாக எழுதினாலும், அந்தக் கோப்புகள் கையில் இருப்பதே ஒப்பந்தத்தை மீறுவதாகலாம்.

நேர்காணலில் சரியான எண் என்னவென்று நிச்சயம் கேட்பார்கள். "அது நிறுவனத்தின் உள் விவரம் என்பதால் சொல்ல இயலாது, எப்படி அளந்தோம் என்பதைச் சொல்கிறேன்" என்று தொடங்கி, முந்தைய இரண்டு மாதங்களோடு ஒப்பிட்டதையும், பண்டிகைக் காலக் கூட்டம் அந்த மாதங்களில் இருந்ததா என்பதையும், தாம் எழுதிய விதிகளில் எது அதிகப் பிழைகளைப் பிடித்தது என்பதையும் அவர் விளக்கலாம். "தோராயமாகவாவது சொல்லுங்கள், 30,000 இருக்குமா, 50,000 இருக்குமா?" என்று சிலர் மடக்குவார்கள். அப்போது ஆம், இல்லை என்று தலையசைப்பதும் எண்ணைச் சொல்வதுதான். முதலில் சொன்ன பதிலையே மரியாதையாக இன்னொரு முறை சொல்லும்படி வீட்டில் ஓரிரு தடவை பழக்கிவிடுங்கள்.