மணல் கழுவும் குழாயில் நல்ல மணலும் ஏன் போகிறது? மணியின் இழுவிசையும் முற்றுத் திசைவேகமும்

கேள்வி: காரைக்குடியில் பழைய வீடு ஒன்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடக்கிறது. 4 அங்குல பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்து, அடியிலிருந்து தண்ணீர் ஏற்றி மணல் கழுவுகிறோம். 0.3 மி.மீ. மணி வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் இறங்கும் என்று ஸ்டோக்ஸ் சூத்திரத்தில் வந்தது. அதை நம்பித் தண்ணீரை வினாடிக்கு 6 செ.மீ. வேகத்தில் விட்டோம். வண்டலோடு நல்ல மணலும் வழிந்து போகிறது. எங்கே தப்பு?

பதில்:

அந்த 0.3 மி.மீ. மணி உண்மையில் வினாடிக்கு 4.8 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். தண்ணீர் 6 செ.மீ. வேகத்தில் ஏறினால் மணி மேலேதான் போகும். நீங்கள் போட்ட பெருக்கலில் பிழை இல்லை. அந்தச் சூத்திரம் இவ்வளவு பெரிய மணிக்குப் பொருந்தாது.

நிற்கும் தண்ணீரில் விழும் மணியின் மேல் மூன்று விசைகள் உண்டு: கீழே இழுக்கும் எடை, மேலே தள்ளும் மிதப்பு விசை, நகர்வதை எதிர்க்கும் இழுவிசை. வேகம் கூடக்கூட இழுவிசை கூடும். எடையில் மிதப்பு போக மிஞ்சியதற்கு அது சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடும். அதுதான் முற்றுத் திசைவேகம். இந்த அளவு மணி தண்ணீரில் அதை எட்ட வினாடியில் நூறில் சில பங்கே ஆகும். ஆகவே உங்கள் குழாயில் எல்லா மணியும் எப்போதும் முற்றுத் திசைவேகத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இழுவிசை என்பது ½·ρ·v²·A·Cd. இதில் ρ தண்ணீரின் அடர்த்தி, v வேகம், d மணியின் விட்டம். A என்பது மணியின் நிழல் அளவு, அதாவது πd²/4. கோளத்தின் முழு மேற்பரப்பான πd²-ஐப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போட்டால் விசை நான்கு மடங்காகிவிடும். Cd என்பது இழுவைக் கெழு. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இது நிலையான எண் அல்ல, ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்து மாறும். ரெனால்ட்ஸ் எண், சுருக்கமாக Re, பாகுத்தன்மையோடு ஒப்பிட்டால் நிலைமத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும் எண். அதுவோ வேகத்தைப் பொறுத்தது. வேகம் தெரிய Cd வேண்டும், Cd தெரிய வேகம் வேண்டும்.

ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விடை இந்தச் சுழலிலிருந்து தப்பிவிடுகிறது, ஏனென்றால் அதில் Cd = 24/Re. போட்டுச் சுருக்கினால் வேகம் நேராக வந்துவிடும். ஆனால் தண்ணீரின் பாகுத்தன்மை மட்டுமே மணியைத் தடுக்கிறது, தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டிய நிலைமத்துக்குப் பங்கே இல்லை என்ற எடுகோளின் மேல் நிற்கிற விடை அது. Re ஒன்றுக்கு நன்றாகக் கீழே இருக்கும்போதுதான் அது சரி. ஸ்டோக்ஸ் வழியில் வேகம் கண்டுபிடித்தவர் அடுத்து அந்த வேகத்தை வைத்தே Re-ஐக் கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும். உங்கள் கணக்கில் விடுபட்ட படி அதுதான்.

போட்டுப் பார்ப்போம். 30 பாகை வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி ρ 996 கி.கி./மீ³, பாகுத்தன்மை μ 0.0008 Pa·s. மணலின் அடர்த்தி ρs 2650. ஸ்டோக்ஸ் வேகம் வினாடிக்கு 10.1 செ.மீ. வருகிறது. அந்த வேகத்தில் Re = 38. சூத்திரம் செல்லும் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

இந்த இடைப்பட்ட வட்டாரத்துக்கு ஷில்லர், நௌமன் இருவரின் சூத்திரம் நன்றாக உதவும். Re ஏறத்தாழ 800 வரை அதை நம்பலாம்:

```
Re = ρ·v·d / μ
Cd = (24/Re)·(1 + 0.15·Re^0.687)
v  = √( 4·g·d·(ρs − ρ) / (3·Cd·ρ) )
```

ஒரு வேகத்தை ஊகித்து முதல் வரியில் போடுங்கள். அதிலிருந்து Cd, அதிலிருந்து புதிய வேகம். அதை மறுபடி முதல் வரியில் போடுங்கள். உங்கள் மணிக்கு 10.1-இல் தொடங்கினால் Re 38, Cd 1.79, புதிய வேகம் 6.0 செ.மீ. இரண்டாம் சுற்றில் Cd 2.42, வேகம் 5.2. மூன்றாம் சுற்றில் 4.95. இன்னும் இரண்டு மூன்று சுற்றில் 4.84-இல் வந்து நிற்கும். அங்கே Re 18, Cd 2.78. மொத்தம் ஐந்தாறு சுற்று, கால்குலேட்டர் போதும். d, v எல்லாம் மீட்டரில் இருக்கட்டும். மில்லிமீட்டரை அப்படியே போட்டுவிட்டால் வரும் விடை நம்பும்படியாகவே இருக்காது, உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு குறுக்கு வழியையும் பலர் எடுக்கிறார்கள்: கோளம் என்றால் Cd 0.44 என்று வைத்துவிடுவது. அந்த எண் Re ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு லட்சம் வரைக்கும் உரியது, அதாவது கூழாங்கல், கிரிக்கெட் பந்து மாதிரியானவற்றுக்கு. உங்கள் மணிக்கு அதைப் போட்டால் 12 செ.மீ. வரும். ஸ்டோக்ஸும் வேகத்தைக் கூட்டிச் சொல்கிறது, 0.44-ம் கூட்டிச் சொல்கிறது. இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே என்று நினைத்து ஏமாற இடம் உண்டு. மெய்யான இழுவிசையில் பாகுத்தன்மையின் பங்கும் நிலைமத்தின் பங்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டால் விசை குறையும், வேகம் ஏறும்.

சூத்திரத்தை நம்பத் தயக்கமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். 300 மைக்ரான் சல்லடையில் மணல் சலித்தபின், கண்ணிகளில் சிக்கி நிற்கும் மணிகளைத் தூரிகையால் தட்டி எடுத்தால் அவை கிட்டத்தட்ட சரியாக 0.3 மி.மீ. இருக்கும். அவற்றை முதலில் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். காய்ந்த மணியில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு மிதக்கும், அல்லது மெதுவாக இறங்கி ஏமாற்றும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயில் நான்கைந்து மணிகளை விட்டு நேரம் பாருங்கள். ஸ்டோக்ஸ் சரி என்றால் 10 வினாடியில் அடியைத் தொட வேண்டும். 21 முதல் 23 வினாடி ஆகும். 21-க்குமேல் போகும் மிச்சம் மணலின் வடிவத்தால் வருவது. மணி உருண்டை அல்ல, மூலை முடுக்கு உள்ளது. இந்த அளவில் அது வேகத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குள் குறைக்கும்.

இனி உங்கள் குழாய்க்கு வருவோம். வினாடிக்கு 6 செ.மீ. என்பது 0.36 மி.மீ.-க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிற வேகம். பூச்சு மணலில் கணிசமான பங்கு அதில் போய்விடும். நீங்கள் வெளியேற்ற வேண்டியது 75 மைக்ரானுக்குக் கீழுள்ள வண்டலையும் களியையும்தான். அது மணியைச் சுற்றிப் படிந்து சுண்ணாம்பு பிடிக்க விடாது, காயும்போது சுருங்கிப் பூச்சில் வெடிப்பு விடும். அதே முறையில் கணக்கிட்டால் 0.075 மி.மீ. மணி வினாடிக்கு 0.58 செ.மீ. வேகத்திலும், 0.15 மி.மீ. மணி 1.87 செ.மீ. வேகத்திலும் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் வினாடிக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். அந்த வேகத்தில் ஏறத்தாழ 0.1 மி.மீ.-க்குக் கீழுள்ளது போகும், மேலுள்ளது தங்கும்.

குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 78.5 ச.செ.மீ. அப்போது நிமிடத்துக்கு 4.7 லிட்டர் போக வேண்டும். வால்வைத் திருகிக் கண்ணளவில் பார்ப்பது சரிவராது. வழியும் தண்ணீரை 15 லிட்டர் வாளியில் பிடியுங்கள். வாளி நிறைய 3 நிமிடம் 10 வினாடி ஆக வேண்டும். இப்போது நீங்கள் விடும் ஓட்டத்தில் அரை நிமிடத்தில் நிறைந்திருக்கும்.

ஓட்டம் சரியாக இருந்தும் மணல் போனால் இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, அடியில் தண்ணீர் நுழையும் விதம். முக்கால் அங்குலக் குழாயிலிருந்து நேராகப் பீய்ச்சினால் நடுவில் சராசரியைப் போலப் பல மடங்கு வேகமும் ஓரத்தில் கீழ்நோக்கிய சுழலும் இருக்கும். நடுவில் நல்ல மணல் போகும், ஓரத்தில் வண்டல் தங்கும். நுழைவாயில் மேல் துளையிட்ட தட்டு வைத்து, அதன்மேல் ஒரு சாண் உயரம் கூழாங்கல் பரப்புங்கள். ஓட்டம் சமமாகப் பரவும்.

இரண்டாவது, மணலை அள்ளிக் கொட்டுவது. மேலே சொன்ன வேகமெல்லாம் தனியாக விழும் மணிக்கு. கன அளவில் பத்தில் ஒரு பங்கு மணலாகத் தண்ணீர் கலங்கிவிட்டால், ஒவ்வொரு மணியும் ஒதுக்கும் தண்ணீர் பக்கத்து மணியை மேலே தள்ளும். 0.15 மி.மீ. மணியின் 1.87 செ.மீ. வேகம் 1.2 செ.மீ.-க்கு இறங்கிவிடும், அதாவது விளிம்புக்கு வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடி, மேலே வழியும் கலங்கல் தெளியத் தொடங்கியபின் அடுத்த கைப்பிடி என்று போடுங்கள். கட்டியாக இருக்கும் களியை முன்கூட்டியே ஊறவைத்து உடைத்துவிட வேண்டும். கட்டி கட்டியாகவே இருந்தால் அது பெரிய மணி மாதிரி அடியில் போய்த் தங்கிவிடும்.

வழிந்து போகும் கலங்கல் நீரை ஊருணி வரத்துக்காலில் விடாதீர்கள். ஒரு டிரம்மில் பிடித்துத் தெளிய வைத்தால் தண்ணீரை மறுபடி ஓட்டலாம். இங்கே ஸ்டோக்ஸ் சூத்திரம் முழுமையாகச் செல்லும், ஏனென்றால் Re ஒன்றுக்கு மிகக் கீழே வந்துவிட்டது. 0.03 மி.மீ. வண்டல் வினாடிக்கு 1 மி.மீ. இறங்கும். 60 செ.மீ. ஆழ டிரம்மில் பத்து நிமிடத்தில் அடிக்குப் போய்விடும். 2 மைக்ரான் களித்துகளுக்கோ விட்டம் பதினைந்தில் ஒரு பங்கு, வேகம் அதன் வர்க்கத்தில் குறைந்து 225-இல் ஒரு பங்கு. அதே 60 செ.மீ.-க்கு 37 மணி நேரம். காத்திருக்க முடியாதென்றால் துகளைப் பெரிதாக்குவதுதான் வழி. படிகாரமும், அந்தக் காலத்தில் கலங்கல் நீருக்குப் பானையில் உரைத்த தேத்தாங்கொட்டையும் செய்வது அதைத்தான்: களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாக்குகின்றன. திரளின் அடர்த்தி தனித்துகளைவிடக் குறைவு. ஆனால் வேகம் விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அந்த இழப்பை மிஞ்சி, திரள் வேகமாக இறங்கிவிடுகிறது.