கேள்வி பதில்: பட்டாளத்து மெக்கானிக்கும் எஸ்கேஎம் சான்றிதழும்

"அண்ணே, ராணுவத்தில் 21 வருடம் வண்டி மெக்கானிக். கோர்ஸ் சான்றிதழே பதினொன்று இருக்கு. பட்டர்வொர்த்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை கேட்கிறாங்க. திரும்பப் படிக்கணுமா?"

வேண்டாம் தம்பி. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிதி வழியில் விண்ணப்பம் போடுங்கள். வகுப்பில் உட்காராமல், செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் வாங்கும் வழி அது. ஆனால் அந்தப் பதினொன்றையும் அப்படியே கொண்டுபோய் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். மதிப்பிடுபவர் உங்கள் பதவியைப் பார்ப்பதில்லை. அந்தத் தொழிலுக்கான நோஸ் என்ற தேசியத் தரநிலையில் பிரேக், கிளட்ச், மின்சாரம் என்று அலகு அலகாக எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் "இதை நான் செய்தேன்" என்ற ஆதாரம் அவருக்கு வேண்டும். கோர்ஸ் சான்றிதழ் படித்ததைச் சொல்லும், செய்ததைச் சொல்லாது.

பிறையில் ஒரு நண்பருக்குக் கோப்பு தயாரிக்க உதவினேன். முகாமில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, அங்கே கேமரா தூக்க முடியாதே. அதனால் லாரிப் பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் வேலைச் சீட்டுகளைச் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் வண்டி எண், புகார், மாற்றிய பாகம், ஃபோர்மேன் கையெழுத்து. படத்தில் அவர் முகமும் கையும் சேர்ந்து தெரியும்படி எடுக்கச் சொன்னேன். வெறும் பிரேக் டிரம் படம் யாருடையதாகவும் இருக்கலாம் இல்லையா? ஏர் பிரேக் அலகு எளிதாக முடிந்தது. ஸ்கேனர் வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் அலகில்தான் நின்றுவிட்டார், பழைய டீசல் லாரிகளில் அவருக்கு அந்த வேலை வந்ததே இல்லை. அதை மட்டும் பட்டறையில் கற்றுக்கொண்டு, ஆதாரம் சேர்த்து, மறுபடி காட்டினார்.

"நானும் பட்டாளம்தான், எலக்ட்ரீஷியன். எஸ்கேஎம் வாங்கிட்டா கோலாலம்பூர்ல சார்ஜ்மேன் வேலை கிடைச்சிடும்னு சொல்றாங்களே?"

பாதிதான் சரி. மின் அமைப்புக்குச் சார்ஜ்மேனாகப் பொறுப்பேற்க எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும், எஸ்கேஎம் அதற்கு மாற்று இல்லை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முதலாளி எதைக் கேட்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அங்கிள், எங்கப்பா ராணுவ லாரி ஓட்டினவர், அவருக்கும் பிபிதி ஆகுமா?"

அப்பாவுக்குத் தேவை ஓட்டுநர் உரிமம், அது வேறு வழி. ராணுவ உரிமத்தைப் பொது உரிமமாக மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்குப் போகட்டும். சம்பளத்துக்குச் சரக்கு லாரி ஓட்ட ஜிடிஎல் என்ற சரக்கு வாகன உரிமம் தனியாக எடுக்க வேண்டும்.

"அண்ணே, முதல்ல கேட்டவன்தான். மூன்று மாதம் உதவியாளர் சம்பளம்னா வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு வயசு 41."

வலிக்கத்தான் செய்யும் தம்பி, கணக்குப் போட்டு நீங்களும் வீட்டிலும் பேசி முடிவெடுங்கள். பென்சன் வருவதால் சிலர் சமாளித்தார்கள், சிலர் பாதியில் விட்டுவிட்டார்கள். போவதென்றால் ஒன்று மட்டும் முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்: வேலைச் சீட்டில் என் பெயர் இருக்க வேண்டும்.