ஒரே செந்தில், இரண்டு கணக்கு

கேள்வி: எங்கள் உரக்கடையின் பழைய கடன் நோட்டு தமிழில் இருக்கிறது. இப்போது பில் போடுவது ஆங்கிலத்தில். ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் ஏறிவிடுகிறார். மென்பொருள் விற்க வந்தவர், "இரட்டைப் பதிவுகளை இதுவே சேர்த்துவிடும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: பெயர்களை எந்த முறையில் ஒப்பிடுகிறது என்று முதலில் கேளுங்கள். "சவுண்டெக்ஸ்" என்று மட்டும் பதில் வந்தால் வாங்க வேண்டாம். அது 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. நம் பெயர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யொலிகளை எண்ணாக்கும். Senthil என்று அடித்தால் S534, Chenthil என்று அடித்தால் C534. முதல் எழுத்து மாறியதுமே செந்தில் இரண்டு ஆளாகிவிடுவார். Ezhilarasi, Elilarasi இரண்டும் அப்படியே பிரிந்துபோகும்: ஒன்று E246, மற்றது E446.

நம் பெயர்களுக்கு ஏற்ற மென்பொருள், தமிழில் உள்ளதையும் ஆங்கிலத்தில் உள்ளதையும் ஒரே எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடும். zh-ஐ l ஆகவும், ch, sh இரண்டையும் s ஆகவும், th, dh, d மூன்றையும் t ஆகவும் மாற்றும். g-யை k-யோடும் b-யை p-யோடும் சேர்க்கும். இரட்டித்த எழுத்தை ஒன்றாக்கும். அப்போது செந்தில், Senthil, Chenthil மூன்றுமே sentil என்று வந்து நிற்கும்.

ஆனால் இதே முறையில் மதனும் மாடனும் matan ஆகிவிடுவார்கள். உங்கள் தொழிலில் இதுதான் பெரிய ஆபத்து. பிரிந்து கிடக்கும் கணக்கால் வசூல் தாமதமாகும், அவ்வளவுதான். தவறாகச் சேர்ந்த கணக்கோ ஒருவர் வாங்கிய யூரியாவுக்கு இன்னொருவரைக் கடன்காரராக்கிவிடும். அதனால் பெயரும் கைபேசி எண்ணும் இரண்டுமே பொருந்தினால்தான் தானாகச் சேர்க்க விட வேண்டும். எண் ஒன்று, பெயர் வேறு என்றால் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்கள், சேர்க்கவே கூடாது. பெயர் ஒன்று, எண் வேறு என்றால் ஊரையும் தந்தை பெயரையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அங்கே இனிஷியலை மட்டும் நம்பாதீர்கள். அப்பா பெயர் செல்லையா என்றால் நோட்டில் "செ." இருக்கும், பில்லில் ஒருவர் S என்றும் இன்னொருவர் C என்றும் போட்டிருப்பார். சிலர் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். புதிய பதிவுகளிலாவது தந்தை பெயரை முழுதாக எழுதி வாங்குங்கள்.

விற்பவரின் மாதிரிப் பட்டியலில் எல்லாம் சரியாகத்தான் வரும். உங்களுக்கு நேரில் தெரிந்த இருபது வாடிக்கையாளர்களின் பதிவுகளைக் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். அதில் ஒரே பெயருள்ள இருவேறு ஆட்களும் இருக்கட்டும். சேர்த்த கணக்கை மறுபடி பிரிக்க முடிகிறதா, பழைய எழுத்துக்கூட்டல் அழியாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிரிக்க வழியில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.