அறநெறி வகுப்புப் பாடத்தைச் சின்ன வீடியோவாக மாற்றுவது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் ஞாயிறு அறநெறி வகுப்பு எடுக்கிறேன். வராத பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சின்ன வீடியோவாக, வீட்டில் செய்ய ஒரு வேலையோடு அனுப்ப வேண்டும். எப்படிச் செய்யலாம்?

பதில்: முழுப் பாடத்தையும் எடுக்காதீர்கள் ரீச்சர். ஒரே ஒரு சொல்லை எடுங்கள். சம்பந்தர் நம் கோணேசர் மேல் பாடிய பதிகத்தில் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று வருகிறது. பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் "கொழிக்கும்" என்றால் என்னவென்று கேட்டால் முழிப்பார்கள். சுளகில் அரிசியை மெல்ல ஆட்டிப் பிரிப்பதுதான் கொழிப்பது; அதுபோலக் கடல் அலை மணலை அரித்து நித்திலத்தை, அதாவது முத்தை, ஒதுக்குகிறது. அந்தச் சொல்தான் உங்கள் வீடியோ.

முதல் அரை நிமிடம் கோணேசர் மலையடியில் அலை. அடுத்து அம்மா ஒருவர் சுளகில் அரிசி கொழிக்கும் கை, நன்றாகக் கிட்டத்தில். பிறகு அந்த அடியை ராகத்தோடு இரண்டு தரம் பாடுங்கள், இரண்டாம் தரம் பிள்ளையும் சேர்ந்து பாட இடம் விட்டு. இரண்டரை நிமிடத்துக்குள் முடியும்.

மலையில் நின்று பேசிப் பதிவு செய்தால் காற்று குரலை விழுங்கிவிடும். எனக்கு முதல் வீடியோ அப்படித்தான் வீணானது. படத்தை அங்கே எடுங்கள், குரலை வீட்டு அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தனியாகப் பதியுங்கள்.

வீட்டு வேலை: ஒரு தட்டின் ஓரத்தில் இரண்டு பிடி மணலைக் குவித்து, அதற்குள் ஐந்தாறு வெள்ளை மணிகளைப் புதைக்க வேண்டும். மறு ஓரத்தில் தண்ணீர் விட்டு, தட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் மணல் கரைந்து இறங்க, மணிகள் வெளியே தெரியும். வேகமாக ஆட்டினால் எல்லாம் கலங்கிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மணிக்குப் பதில் பெரிய சிப்பி போடச் சொல்லுங்கள்.

தட்டின் படத்தைக் கேட்காதீர்கள், அதை அம்மாவே செய்து அனுப்பிவிடுவார். "கடல் என்ன செய்தது?" என்று பிள்ளையின் குரலில் பதில் கேளுங்கள்.