மாமாவுக்குப் போகும் தொடைக்கு வட்டி எவ்வளவு?

கேள்வி: கொக்குவிலில் வீட்டிலிருந்தே மத்தியானச் சாப்பாடு பார்சல் செய்து கொடுக்கிறேன். கிழமைக்கு ஒரு ஆடு. உயிர் நிறை 24 கிலோ, விலை 36,000. சபையின் கொல்களத்தில் வெட்டுக்கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். இறைச்சி, ஈரல், குடல், தலை, கால் என்று 15½ கிலோ வீட்டுக்கு வரும். கிலோ 2,450 தான் விழுகிறது, கடையில் 3,400. பார்சலுக்கு 150 கிராம் போட்டு 900 ரூபாய்க்கு விற்கிறேன். இறைச்சி தவிர்ந்த செலவு 350. தொடங்கும்போது மாமா வட்டியில்லாமல் இரண்டு இலட்சம் தந்தார். அதனால் ஒரு பின்தொடையும் ஈரலும் கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போகும். தலையும் கால்களும் அயல் வீட்டுக்கு, குடல் வெட்டுபவருக்கு. வியாபாரம் ஓடுகிறது, ஆனாலும் இரண்டு சோடிக் காப்பு அடகில் இருக்கிறது. சாப்பிடுபவர்கள் எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். தவணைக்குப் பெரிய ஃப்ரீசர் ஒன்று, மாதம் 11,000, மூன்று வருடம். எடுத்து கிழமைக்கு இரண்டு ஆடு போடலாமா?

பதில்: ஃப்ரீசர் இப்போது வேண்டாம் தங்கச்சி. அந்தத் தவணையைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடத்தில் 3,96,000 வருகிறது. ஆனால் நான் மறிப்பது அதற்காக இல்லை. ஒரு ஆட்டில் நட்டம் வரும் கணக்கை இரண்டு ஆட்டுக்கு விரித்தால் நட்டமும் இரண்டாகும். முதலில் அந்த 2,450 ஐப் பார்ப்போம். பிழை அதில்தான் இருக்கிறது.

நீங்கள் போட்டது பங்கு இறைச்சிக் கணக்கு. நம் ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு பிடித்துப் பங்கு போடும்போது, ஒவ்வொரு குவியலுக்கும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி என்று எல்லாம் விழும். அதனால் மொத்தச் செலவை மொத்த நிறையால் பிரித்தால் யாருக்கும் அநியாயம் வராது. ஒரு சமையலறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் பார்சலுக்குள் தலையும் குடலும் போவதில்லையே. விற்காத நிறையை வைத்துப் பிரித்த விலையில், விற்கும் இறைச்சிக்கு விலை போட்டிருக்கிறீர்கள்.

சட்டிக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். 24 கிலோ ஆட்டை உரித்துக் குடல் எடுத்தால் தொங்கும் உடல் 11 கிலோ அளவில் நிற்கும். உயிர் நிறையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, நம் ஆடுகளுக்கு அது சரியான அளவுதான். மிச்சம் 4½ கிலோவும் ஈரல் தொகுதி, குடல், தலை, கால். அவை மூன்று வீட்டுக்குப் போய்விடுகின்றன. 11 கிலோவில் ஒரு பின்தொடை 1.7 கிலோ, அதுவும் போகிறது. மீதி 9.3. கழுத்தடியில் உறைந்த இரத்தம், சவ்வு, கழலை, மேலதிக கொழுப்பு, கட்டையில் சிதறும் எலும்புத் தூள், வைத்திருக்கும்போது வடியும் நீர் என்று 700 கிராம் கழிந்தால் 8.6 கிலோ.

38,000 ஐ 8.6 ஆல் பிரியுங்கள். கிலோ 4,400 க்கு மேல் வருகிறது. சந்தைக் கடையில் துண்டு போட்டு வாங்கினால் 3,400 தான். முழு ஆடு வாங்கி, கடை விலையைவிட ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இறைச்சி சாப்பிடக் கொடுக்கிறீர்கள்.

8.6 கிலோவில் 57 பார்சல். விற்று வருவது 51,300. ஆட்டுக்கு 38,000, மற்றச் செலவு 57 பார்சலுக்கு 19,950, மொத்தம் 57,950. கிழமைக்கு 6,600 அளவில் கையை விட்டுப் போகிறது, மாதத்துக்கு 26,000 சொச்சம். காப்பு ஏன் அடகுக்குப் போனது என்பது இதில் தெரிகிறது.

எலும்பு முறைப்பாட்டுக்கும் காரணம் அந்தத் தொடைதான். முழு உடலில் கால்வாசி அளவு எலும்பு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தொடையில் சதை திரண்டு கிடக்கும். கழுத்திலும் விலாவிலும் எலும்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கிட்டப் போகும். இரண்டு தொடையில் ஒன்றை எடுத்துவிட்டால் சட்டியில் விலாவும் கழுத்தும் முன்னங்காலும் மிஞ்சும். சாப்பிடுபவர் சரியாகத்தான் சொல்கிறார். அதைச் சமாளிக்க நீங்கள் ஒரு துண்டு கூடப் போட்டுக் கொடுத்திருந்தால், 57 பார்சல் 50 ஆகிவிடும்.

இனி மாமா. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டதும் இரண்டு இலட்சம் தூக்கிக் கொடுக்கிற மாமா எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் வட்டியில்லாக் கடன் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். தொடை 1.7 கிலோ, கடை விலைக்கு 5,780. ஈரல், இதயம், சிறுநீரகம், நுரையீரல் சேர்ந்து ஒரு கிலோ அளவு வரும், 3,000 என்று வைப்போம். கிழமைக்கு 8,780, மாதத்துக்கு 35,000. இரண்டு இலட்சத்துக்கு மாதம் 17 வீதத்துக்கும் மேல் வட்டி. அடகுக் கடைக்காரர் இந்த வீதத்தைச் சொல்லியிருந்தால் காப்பைத் திரும்பக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். வாங்கிய இரண்டு இலட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாமாவுக்கு இந்தத் தொகை தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் கண்ணுக்கு அது மருமகள் அனுப்பும் ஒரு தொடை. நீங்களும் அதைப் பணமாகப் பார்க்கவில்லை.

ஒன்றையும் வெளியே கொடுக்காவிட்டால் என்ன வரும்? ஈரல் தொகுதி 3,000, கழுவிய குடல் 1,800, தலையும் கால்களும் 3,000 என்று விற்றால் 7,800. குடல் கறிக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் கொக்குவிலில் ஆள் தேடி அலையத் தேவையில்லை. 38,000 இல் அதைக் கழித்தால் 30,200. உடல் 11 கிலோவில் கழிவு 700 கிராம் போக 10.3 கிலோ. கிலோ 2,930. முழு ஆடு வாங்குவதில் உண்மையான ஆதாயம் இதுதான்: கிலோவுக்கு 470 ரூபாய், ஒரு ஆட்டில் 4,800 அளவு. இப்போது மேலே போய்த் தொடையின் விலையைத் திரும்பப் பாருங்கள். 5,780. ஒரு தொடை வெளியே போன அந்த நிமிடமே, முழு ஆடு வாங்கியதால் வந்த ஆதாயம் போய், மேலும் ஆயிரம் ரூபாய் நட்டமாகிறது. ஈரலையும் தலையையும் இன்னும் நான் எண்ணவே இல்லை.

10.3 கிலோவில் 68 பார்சல். அதில் 61,200, மற்ற உறுப்புகளில் 7,800, மொத்தம் 69,000. செலவு 61,800. கிழமைக்கு 7,200 இலாபம், மாதத்துக்கு 28,000 சொச்சம். 11 பார்சல் கூட விற்க வேண்டும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பார்சல்களில் தொடை இறைச்சி இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போகும்போது தொடைக்குப் பதிலாக 20,000 ரூபாயை உறையில் போட்டுக் கொண்டு போங்கள். "மாமா, மாதாமாதம் இவ்வளவு தந்து பத்து மாதத்தில் முடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் உறைக்குக் காசு இல்லாவிட்டால், நாலு கிழமை தொடையை விற்றுவிட்டு அடுத்த மாதம் போகலாம். ஆனால் பேச்சை இந்த ஞாயிறே முடியுங்கள். மிச்சம் எட்டாயிரத்தை அடகை மீட்கக் கட்டுங்கள். மாமாவும் மாமியும் உங்கள் வீட்டில் வந்திருந்து சாப்பிடட்டும். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டாலும் அரைக் கிலோ இறைச்சி போகாது. அயல் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கறி கொடுக்கலாம். பச்சை இறைச்சியாக ஒன்றும் படலையைத் தாண்டக் கூடாது.

வெட்டும் இடத்திலும் இரண்டு விஷயம். உயிர் நிறைக்கு விலை பேசாதீர்கள். வயிறு முட்டத் தின்னக் கொடுத்துத் தண்ணீரும் காட்டிக் கொண்டு வந்த ஆட்டில் ஒரு கிலோ சும்மா கூடும். அந்தப் புல்லுக்கு நீங்கள் கிலோ 1,500 கொடுக்கிறீர்கள். உரித்த நிறைக்கு விலை பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், முதல் நாள் இரவே தீன் நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்த ஆட்டைக் காலையில் நிறுக்கச் சொல்லுங்கள். 11 கிலோ வர வேண்டிய இடத்தில் 10 கிலோ வந்தால் அந்தக் கிழமை இலாபத்தில் பாதி போய்விடும்.

மற்றது, தொடையை எங்கே பிரிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இடுப்பில் பந்துபோல் உருண்ட மூட்டு இருக்கிறது, காலை வெளிப்பக்கம் மடக்கினால் அது துருத்தும். கத்தி அதற்குள் போனால் கால் தனியே கழன்று வரும். அவசரத்தில் அதற்கு மேலே முதுகுப் பக்கம் வெட்டினால் இடுப்புச் சதையும் தொடையோடு போய், 1.7 கிலோத் தொடை 2 கிலோவைத் தாண்டும். இவ்வளவு நாளும் எது போனது என்று நீங்கள் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்சந்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது உடலோடு எலும்பால் பொருந்தவில்லை, சதையால் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கத்தியை விலாவோடு ஓட்டினால் வந்துவிடும்.

ஒரு கொப்பியில் ஆட்டுக்கு மூன்று நிறை எழுதுங்கள்: உரித்துத் தொங்கும்போது, துண்டு போட்ட பிறகு, சட்டிக்குள் போகும்போது. செலவில் விற்ற உறுப்புகளின் காசைக் கழித்து, மூன்றாவது நிறையால் பிரியுங்கள். நாலு ஆட்டுக்குப் பிறகு அந்த எண் 3,000 ஐச் சுற்றி நின்றால் முழு ஆட்டையே தொடருங்கள். 3,400 க்கு மேலே போனால், மனம் வருந்தாமல் கடையில் துண்டு இறைச்சி வாங்குங்கள். பார்சலுக்கு 510 இறைச்சி, 350 மற்றது, 40 ரூபாய் மிஞ்சும், ஒருவரோடும் முகம் முறிக்கவும் தேவையில்லை. ஃப்ரீசரைப் பற்றி அந்தக் கொப்பியோடு திரும்ப எழுதுங்கள். முதலாவது காப்பு வீட்டுக்கு வந்த பிறகு.