டொராண்டோ முதல் சிட்னி வரை ஒரே நேரலை

கேள்வி: என் யூடியூப் சேனலின் பார்வையாளர்கள் கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று சிதறியிருக்கிறார்கள். எந்த நேரத்தில் வெளியிடுவது?

பதிவுசெய்த காணொளி என்றால் நேரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதை அவரவர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள். நேரலைக்குத்தான் கணக்கு வேண்டும்.

நான் நடத்துவது சனிக்கிழமை, டொராண்டோவில் காலை 8 மணிக்கு. கோடையில் அப்போது லண்டனில் பகல் 1, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 5:30, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 10. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் இது. டிசம்பரில் இதே நேரம் சிட்னியில் நள்ளிரவு ஆகிவிடும். அந்த மாதங்களில் அவர்களுக்காகத் தனியாக ஒரு நேரலை வைப்பதே நியாயம்.

பலர் சறுக்குவது மார்ச்சில். டொராண்டோ இரண்டாம் ஞாயிறன்றே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றிவிடுகிறது. இங்கிலாந்து கடைசி ஞாயிறன்றுதான் மாற்றுகிறது. இடைப்பட்ட வாரங்களில் என் நேரலை லண்டனில் பகல் 12 மணிக்கே தொடங்கிவிடும். முதல் ஆண்டில் இதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல் 1 மணிக்கு வந்த ஓர் அம்மா, “தம்பி, முடிந்துவிட்டதா?” என்று கேட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஆகவே அறிவிப்புப் படத்தில் “இன்று இரவு 8 மணி” என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஊர்ப்பெயரோடு நேரத்தை எழுதுங்கள். நேரலையை யூடியூபில் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தால், பார்ப்பவருக்கு அவரவர் உள்ளூர் நேரமே தெரியும்.